ஏழு பேர், ஒரு கொடி, 1932: குமரன் ஊர்வலத்தைக் குறைந்த செலவில் எடுத்தவர்கள் சொல்லுங்க

சென்னிமலைத் தறி:
கொடிகாத்த குமரன் ஊர்வலத்தை எட்டு நிமிடப் படமாக எடுத்தோம். ஆள் ஏழு, செலவு 4,300 ரூபாய். போட்டுக் காட்டினபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் படம் முடியும் வரை பொறுத்திருந்து, "ஏஞ்சாமி, கொடியில சக்கரம் இருக்குதே, அது 47-ல வந்ததாச்சே" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

கொடி கடையில் வாங்கினது. அசோகச் சக்கரம் ஏற்கப்பட்டது 1947 ஜூலை. குமரன் அடிபட்டது 1932 ஜனவரி 10, இறந்தது மறுநாள். காங்கிரஸ் 1931 ஆகஸ்டில் ஏற்ற கொடியில் காவி, வெள்ளை, பச்சைப் பட்டைகள், நடுவில் கருநீல ராட்டை.

திரும்ப எடுக்கும்போது கதர்த்துணியில் 36 அங்குல நீளம், 8 அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டித் தைத்தோம். ராட்டையைப் பழைய எக்ஸ்ரே ஷீட்டில் வெட்டி, அச்சு மாதிரி வைத்து வர்ணம் ஒற்றினோம். முதல் தடவை வர்ணம் நூலோடு ஊறிப் பரவி, ராட்டை சிலந்தி மாதிரி ஆகிவிட்டது. கதர் நெசவு தளர்வு, அதனால்தான். அரிசிக் கஞ்சி போட்டு, காய்ந்ததும் இஸ்திரி போட்டு, பிறகு கெட்டி வர்ணத்தைப் பஞ்சால் ஒற்றினால் ஓரம் கூர்மையாக நிற்கிறது. கஞ்சி போட்ட கொடி காற்றில் அட்டை மாதிரி விறைக்கும். வர்ணம் காய்ந்து சூடு வைத்த பிறகு தண்ணீரில் அலசிவிடுங்க.

நொய்யல்கரை:
அண்ணா, கொடி சரி. ஏழு பேரை எப்படி ஊர்வலமா காட்டுனீங்க? எங்க படத்துல "ரேஷன் கடைக்கு வரிசையா போறாங்க"ன்னு சிரிச்சுட்டாங்க.

சென்னிமலைத் தறி:
முகத்தை மறந்துட்டுக் காலைப் பிடிங்க. போனை முழங்கால் உயரத்தில் வைத்து, இரண்டு மடங்கு ஜூமில், ஆட்களைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்தால் முன்னால் இருக்கிறவர் கால்களுக்கும் பின்னால் இருக்கிறவர் கால்களுக்கும் இடைவெளி தெரியாது. கேமராவைக் கடந்ததும் சுற்றி ஓடி வந்து கடைசியில் சேர்ந்துகொள்ள வேண்டும். மூன்று சுற்று போதும், இருபது பேருக்கு மேல் என்று கண் நம்பும்.

இரண்டு இடத்தில் மாட்டுவோம். கட்டம் போட்ட துண்டு ஒன்று இருந்தாலும் அது மூன்று முறை கடக்கும்போது பிடிபடும், எல்லாமே வெள்ளையாக இருக்கட்டும். இன்னொன்று செருப்பு வார் தடம். வெறுங்காலில் நடந்தாலும் பாதத்தில் வெளுத்த கோடு தெரியும். ஈரச் செம்மண்ணைத் தேய்த்துக்கொண்டால் மறைந்துவிடும். சிமெண்ட் ரோட்டில் புழுதி கிளம்பாது, நாலு சாக்கு மண் கொட்டிப் பரப்பினோம்.

மில் வேட்டி வெயிலில் பளீரென்று அடிக்கும், போன் முகத்தை இருட்டாக்கிவிடும். பத்து லிட்டர் தண்ணீரில் நூறு கிராம் டீத்தூள் கொதிக்க வைத்து, வடிகட்டி, பத்து நிமிடம் ஊற வைத்தால் பழுப்பேறும்.

கோபி அம்மிணி:
போலீஸ் உடுப்புக்கு வாடகைக் கடைக்குப் போகாதீங்க. அங்கே இருப்பது இன்றைய முழு பேண்ட், பேட்ஜ். அன்றைய காவலர்கள் அணிந்தது அரைக்கால் சட்டை, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றிய காக்கிப் பட்டி. நாலு அங்குல அகலம், இரண்டரை மீட்டர் நீளத்துக்குக் காக்கித் துணியை நாலு கீற்றாகக் கிழித்தால் இரண்டு ஆளுக்கு ஆச்சு. கணுக்காலில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடணும். ஒட்டி ஒட்டிச் சுற்றினால் பத்தடி நடப்பதற்குள் அவிழ்ந்து விழும். முகமே காட்ட வேண்டாம். பூட்ஸ், பட்டி, தடியைப் பிடித்த கை, சுவரில் தடியின் நிழல், இவ்வளவும் போதுமுங்க.

அடிச் சத்தத்துக்கு ஈரச் சாக்கில் மண் நிரப்பித் தடியால் அடிங்க. காய்ந்த சாக்கு மேளம் மாதிரி கேட்கும்.

அந்தியூர் வாத்தியார்:
எங்கள் மாணவர்கள் தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட 1805 நிகழ்ச்சியை எடுக்கிறார்கள். அந்தக் கால போட்டோ எங்கே கிடைக்கும்? சின்னமலை போட்டோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது, அதைப் போடலாமா?

பழைய லென்ஸ்:
வாத்தியாரே, போட்டோ எடுக்கும் வித்தை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல். உங்களுக்கு வந்தது யாரோ பிற்காலத்தில் வரைந்த ஓவியம். போடலாம், "பிற்கால ஓவியம்" என்று மூலையில் எழுதிவிட்டு. சங்ககிரிக் கோட்டையின் மதிலை இன்றைக்குப் போய்க் கிட்டத்தில் எடுங்க. கல் சுவருக்கு வயது தெரியாது. மின்கம்பி மட்டும் சட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளணும், திண்ணையிலோ படியிலோ ஏறிக் கீழ்நோக்கி எடுத்தால் வானமும் கம்பியும் தானாகக் கழிந்துபோகும்.

நொய்யல்கரை:
பழைய படம்னா எல்லாமே இலவசம்தானே, நெட்டுல இருக்கறதை அப்படியே எடுத்துக்கலாம்.

பழைய லென்ஸ்:
பாதி சரி. நம் நாட்டில் புகைப்படத்துக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டு முடிந்து 60 வருடம். 1932 பத்திரிகைப் படத்துக்குப் பிரச்சினை இல்லை. 1980-ல் ஒருவர் எடுத்த நினைவு மண்டபப் படம் பழுப்பு நிறத்தில் இருப்பதாலேயே பழைய படம் ஆகிவிடாது.

அதைவிடப் பெரிய தப்பு வேறொன்று. 1930 தண்டி யாத்திரைப் படத்தை வைத்து, வர்ணனையில் "திருப்பூர் வீதியில் திரண்ட கூட்டம்" என்று ஒரு படத்தில் கேட்டேன். பார்த்தவர்கள் அது திருப்பூர் என்றே நம்பிப் போனார்கள். தண்டிப் படம் போடுங்க, ஆனால் "தண்டி, 1930" என்ற எழுத்து அந்தப் படம் திரையில் இருக்கும் வரை இருக்கட்டும். வர்ணனையும் "நாடெங்கும்" என்று தொடங்கட்டும்.

செய்தித்தாள் படத்தைப் போனில் எடுத்தால் புள்ளிகள் சேர்ந்து அலை அலையாக வரும். ஸ்கேனரில் 600 புள்ளி அடர்த்தியில் எடுத்து, லேசாக மங்கலாக்கி, பிறகு சுருக்கினால் அலை குறையும். கண்ணாடிச் சட்டம் போட்ட படமாக இருந்தால் ஜன்னலை மூடி, விளக்கை இரண்டு பக்கமும் சரிவாக வைத்து, நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுங்க. இல்லாவிட்டால் தியாகியின் நெஞ்சில் உங்கள் முகம் தெரியும். ஒரு படம் ஆறு ஏழு விநாடி. அதற்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நெருங்க வேண்டாம், தலை சுற்றும்.

கோபி அம்மிணி:
அண்ணா, தண்டிப் படமே வேண்டாமுன்னு நான் சொல்வேன். எழுத்து போட்டாலும் யாரு படிக்கிறாங்க? இல்லாத இடத்தில் திரையை இருட்டாக்கி, கோஷத்தை மட்டும் விடுங்க. ஏழு பேர் "வந்தே மாதரம்" சொல்வதைப் போனுக்குப் பக்கத்தில், பத்தடியில், முப்பதடியில், சுவருக்குப் பின்னால் என்று நாலு முறை பதிந்து, ஒவ்வொன்றையும் கால் விநாடி தள்ளி அடுக்கினால் கூட்டம் வந்துவிடும். தள்ளாமல் அடுக்கினால் பள்ளிக்கூடப் பிரேயர்.

பழைய லென்ஸ்:
எட்டு நிமிடத்தில் எவ்வளவு நேரம்தான் இருட்டைக் காட்டுவீங்க அம்மிணி?

காங்கேயம் காளை:
ஒரு சந்தேகம். புதுக் கொடி ஏற்றது 1931 ஆகஸ்ட். ஊர்வலம் ஐந்தே மாதத்தில். திருப்பூரில் கையில் இருந்தது புதுக் கொடிதான் என்று எப்படிச் சொல்றீங்க? அதற்கு முந்தைய கொடி வெள்ளை, பச்சை, சிவப்பு, ராட்டை மூன்று பட்டையிலும் பரவி இருக்கும். வீட்டில் தைத்து வைத்திருந்தவர்கள் அதையேகூட எடுத்து வந்திருக்கலாமே?

சென்னிமலைத் தறி:
அதை நாங்களும் யோசிச்சோமுங்க. கருப்பு வெள்ளையில் எடுத்துவிடலாம் என்று ஒருத்தர் சொன்னார், ஆனால் ராட்டையின் அளவு காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் குமரன் கையில் 1931 கொடியும், பின்வரிசையில் ஒருவர் கையில் பழையதும் கொடுத்தோம். பெரியவரிடம் இன்னும் காட்டவில்லை.