திறந்த சுற்று நேர மாறிலி முறையில் 1.6 ஹெர்ட்ஸ் வருகிறது, சிமுலேஷனில் 337 கிலோஹெர்ட்ஸ். எங்கே பிழை?

குமிழ்விளக்கு

வணக்கம். நாளை மறுநாள் ஆய்வக அறிக்கையைத் தர வேண்டும் என்பதால் அவசரமாகக் கேட்கிறேன். BC547 கொண்டு ஒரு பொது எமிட்டர் பெருக்கி அமைத்திருக்கிறேன். பரிமாற்றுச் சார்பு முழுவதையும் எழுதாமல், ஒவ்வொரு மின்தேக்கிக்கும் அது காணும் மின்தடையைக் கண்டுபிடித்து, நேர மாறிலிகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் தலைகீழிலிருந்து மேல் வெட்டு அதிர்வெண்ணை மதிப்பிடச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். மூன்று முறை சரிபார்த்தும் 1.6 ஹெர்ட்ஸ்தான் வருகிறது. இந்த முறையே இந்தச் சுற்றுக்குப் பொருந்தாதா?

பழைய வால்வு

தம்பி, சுற்றுப் படமும் இல்லை, மதிப்புகளும் இல்லை. நாங்கள் என்ன சோழி உருட்டியா விடை சொல்வது? 1960களில் MIT-இல் ரிச்சர்ட் ஆட்லரும் உடனிருந்தவர்களும் இந்த முறையை வகுத்தபோது கையில் சிமுலேட்டர் இருக்கவில்லை. சுற்றைப் பார்க்கும் கண் இருந்தது. டிரான்சிஸ்டரின் மின்னோட்டப் பெருக்கத்தைத் தவறாக எடுத்திருப்பீர்கள் என்பது என் கணிப்பு. இந்த முறை எப்போதும் உண்மையைவிடக் குறைவாகத்தான் சொல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த வகையில் உங்கள் 1.6 ஹெர்ட்ஸ் மிகவும் பாதுகாப்பான விடை.

தாமிரபரணி

1.6 ஹெர்ட்ஸ் என்பது உங்கள் கீழ் வெட்டு அதிர்வெண். எனக்கும் ஒரு முறை இப்படித்தான் வந்தது. உள்ளீட்டு இணைப்பு மின்தேக்கியை மாற்றினால் அந்த எண் மாறும், பாருங்கள்.

மீனலோசனி

மின்னோட்டப் பெருக்கத்தை இரண்டு மடங்கு தவறாக எடுத்தாலும் விடை இரண்டு லட்சம் மடங்கு விலகாது. குமிழ்விளக்கு, நான்கு விவரங்கள் வேண்டும். சமிக்ஞை மூலத்தின் மின்தடை எவ்வளவு? எமிட்டர் மின்தடைக்கு இணையாக மின்தேக்கி இருக்கிறதா? சிமுலேஷனில் வைத்தது BC547 மாதிரியையா, கையால் வரைந்த சிறு சமிக்ஞை நிகர் சுற்றையா? எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டலில் எந்தெந்த மின்தேக்கிகளைச் சேர்த்தீர்கள்?

குமிழ்விளக்கு

மன்னிக்கவும், இவை எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மின்வழங்கல் 12 வோல்ட். மூல மின்தடை 1 கிலோ ஓம். பேஸில் 47 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் பிரிப்பானாக உள்ளன. கலெக்டரில் 4.7 கிலோ ஓம், எமிட்டரில் 1.5 கிலோ ஓம், அதற்கு இணையாக 100 மைக்ரோஃபாரட். உள்ளீட்டு இணைப்பு மின்தேக்கி 10 மைக்ரோஃபாரட். வெளியீட்டை நேராகக் கலெக்டரிலிருந்தே எடுக்கிறேன். மின்னோட்டம் ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர். சிமுலேஷனில் வைத்தது நிகர் சுற்று: ஊடுகடத்தல் 40 மில்லி சீமென்ஸ், பேஸ்–எமிட்டர் மின்தடை 5 கிலோ ஓம், பேஸ்–எமிட்டர் மின்தேக்கம் 40 பிக்கோஃபாரட், பேஸ்–கலெக்டர் மின்தேக்கம் 3 பிக்கோஃபாரட். சுற்றில் உள்ள நான்கு மின்தேக்கிகளையும் சேர்த்தேன். “ஒவ்வொரு மின்தேக்கிக்கும்” என்றுதானே முறை சொல்கிறது?

மீனலோசனி

அங்கேதான் பிழை. இந்த முறை மேல் வெட்டு அதிர்வெண்ணுக்கானது. ஆகவே எந்த மின்தேக்கிகள் அதிர்வெண் ஏறும்போது பெருக்கத்தைக் குறைக்கின்றனவோ அவை மட்டுமே கூட்டலுக்குள் வர வேண்டும். இணைப்பு மின்தேக்கியும் எமிட்டர் மின்தேக்கியும் அதிர்வெண் ஏறும்போது பெருக்கத்தைக் கூட்டுபவை. நடு அதிர்வெண்களில் அவை ஏற்கெனவே குறுக்குச் சுற்றாகிவிட்டதால், கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே அவற்றைக் கம்பியாக வரைந்துவிட வேண்டும். நீங்கள் அவற்றைத் திறந்து வைத்துக் கணக்கிட்டதில் 10 மைக்ரோஃபாரட் மட்டுமே ஏறக்குறைய 90 மில்லி வினாடியைக் கொண்டுவந்திருக்கும். நானோ வினாடிகளில் பேச வேண்டிய இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

தாமிரபரணி, அந்த 1.6 ஹெர்ட்ஸ் கீழ் வெட்டு அதிர்வெண்ணும் அன்று. அதற்கு ஒரு மின்தேக்கியைப் பார்க்கும்போது மற்றதைக் குறுக்குச் சுற்றாக்கி, நேர மாறிலிகளின் தலைகீழ்களைக் கூட்ட வேண்டும். இந்தச் சுற்றில் எமிட்டர் மின்தேக்கி காண்பது ஏறக்குறைய 29 ஓம் மட்டுமே என்பதால், கீழ் வெட்டு 59 ஹெர்ட்ஸ் அளவில் வரும். அதில் பெரும்பங்கு எமிட்டர் மின்தேக்கியுடையது. நீங்கள் மாற்றச் சொல்லும் இணைப்பு மின்தேக்கி வெறும் 4 ஹெர்ட்ஸைத்தான் தருகிறது.

குமிழ்விளக்கு

நன்றி, அக்கா. இரண்டையும் நீக்கிவிட்டேன். இப்போது 3.4 மெகாஹெர்ட்ஸ் வருகிறது. சிமுலேஷனைவிடப் பத்து மடங்கு அதிகம். பேஸ் பக்க மின்தடை நான்கும் இணையாக 757 ஓம், கலெக்டர் பக்கம் 4.7 கிலோ ஓம். பேஸ்–கலெக்டர் மின்தேக்கத்துக்கு இரண்டையும் கூட்டினேன்.

பழைய வால்வு

எப்போதும் குறைவாகச் சொல்லும் முறையிலேயே அதிகமாக வரவழைத்திருக்கிறீர்கள். திறமைதான்.

மீனலோசனி

இது பலரும் செய்யும் பிழை. மூலங்களை அணைக்கச் சொல்வது உள்ளீட்டு மூலம் போன்ற தனித்த மூலங்களை மட்டுமே. டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் சார்பு மின்னோட்ட மூலத்தை அணைக்கக் கூடாது; நீங்கள் அதையும் சேர்த்து அணைத்துவிட்டீர்கள்.

பேஸ்–கலெக்டர் மின்தேக்கத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கலெக்டரிலிருந்து பேஸுக்கு ஒரு சோதனை மின்னோட்டத்தைச் செலுத்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அது 757 ஓமில் பாய்ந்து பேஸின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. உயர்ந்த மின்னழுத்தம் ஊடுகடத்தலின் வழியாக முப்பது மடங்கு மின்னோட்டத்தைக் கலெக்டரிலிருந்து இழுக்கிறது. சோதனை மின்னோட்டமும் அதனுடன் சேர்ந்து 4.7 கிலோ ஓம் வழியே வர வேண்டியிருப்பதால், கலெக்டர் வெகுவாகக் கீழே இறங்குகிறது. இரு முனைகளுக்கும் இடையிலான மின்னழுத்தத்தைச் சோதனை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவதுதான் மின்தேக்கி காணும் மின்தடை.

```
R = R1 + R2 + gm*R1*R2
  = 0.757k + 4.7k + 142.3k = 147.8k
tau_mu = 147.8k * 3p  = 443 ns
tau_pi = 0.757k * 40p =  30 ns
f = 1/(2*pi*473.6 ns) = 336 kHz
```

சிமுலேஷன் 337 என்கிறது. நாற்பது பிக்கோஃபாரட் 30 நானோ வினாடியைத் தர, மூன்று பிக்கோஃபாரட் 443-ஐத் தருவதைக் கவனியுங்கள். இந்த முறையின் உண்மையான பயன் விடையில் இல்லை, இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பட்டை அகலத்தைக் கூட்ட வேண்டுமானால் எதைத் தொட வேண்டும், எதைத் தொடுவது வீண் என்று அது காட்டிவிடுகிறது. முழுப் பரிமாற்றுச் சார்பை எழுதியிருந்தால் இது எளிதில் தென்பட்டிருக்காது.

ராடார்

இதற்கு ஏன் இவ்வளவு சுற்று? மில்லர் 1920-இலேயே சொல்லிவிட்டார். பேஸ்–கலெக்டர் மின்தேக்கத்தை 189-ஆல் பெருக்கினால் 567 பிக்கோஃபாரட்; அதனுடன் 40 சேர்த்து 757 ஓமால் பெருக்கினால் 346 கிலோஹெர்ட்ஸ் வந்துவிடுகிறது. ஒரே வரி.

மீனலோசனி

இந்தச் சுற்றுக்குச் சரி. கலெக்டரில் 100 பிக்கோஃபாரட் சுமையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். உங்கள் ஒரே வரி அப்போதும் 346 என்றே சொல்லும்.

ராடார்

அப்போது வெளியீட்டுத் துருவத்தைத் தனியாக எழுதுவேன்: 4.7 கிலோ ஓமும் 103 பிக்கோஃபாரடும், அதாவது 329 கிலோஹெர்ட்ஸ். 346, 329 ஆகிய இரு துருவங்களையும் இணைத்தால் வெட்டு அதிர்வெண் 217 கிலோஹெர்ட்ஸ் வருகிறது.

மீனலோசனி

இதே மதிப்புகளைச் சிமுலேஷனில் இட்டுப் பார்த்தேன்; 172 வருகிறது. உங்கள் இரு நேர மாறிலிகள், 460-உம் 484-உம், சரியானவையே. கூட்டினால் 944 நானோ வினாடி. திறந்த சுற்று முறையில் 443, 30, 470 என்று மூன்றையும் கூட்டினாலும் 944-தான் வரும். அது 169 கிலோஹெர்ட்ஸைத் தருகிறது. ஆனால் அவற்றைத் தனித்தனித் துருவங்களாகப் படித்ததுதான் தவறு. பேஸ்–கலெக்டர் மின்தேக்கம் இரு முனைகளையும் பிணைத்திருப்பதால் துருவங்கள் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. ஒன்று 172 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது, மற்றது 9.4 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது. நேர மாறிலிகளின் கூட்டுத்தொகை பகுதிக்கோவையின் முதற்படிக் கெழுவுக்குத் துல்லியமாகச் சமம். ஆனால் எந்தத் தனி நேர மாறிலியும் எந்தத் துருவத்துக்கும் சமமாக இருக்க வேண்டியதில்லை.

ராடார்

கூட்டுத்தொகை ஒன்றுதான் என்றால் மில்லரும் சரிதான் என்று ஆகிறதல்லவா? பெயரில்தானே சண்டை?

மீனலோசனி

கூட்டினால் சரி, நீங்கள் கூட்டவில்லையே.

கோடைப்பண்பலை

பழைய வால்வு ஐயா சொன்ன “எப்போதும்” என்ற சொல்லைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். என்னிடம் ஓர் எமிட்டர் பின்தொடர்வி இருக்கிறது. அது ஒரு நீண்ட கேபிளை ஓட்டுகிறது. இதே முறையில் கணக்கிட்டால் 6 மெகாஹெர்ட்ஸ் வருகிறது, சிமுலேஷனிலோ 3 மெகாஹெர்ட்ஸ்தான். அதாவது முறை அதிகமாகச் சொல்கிறது. வளைவில் 2 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடும் தெரிகிறது.

பழைய வால்வு

கேபிளைச் சரியாக முடித்திருக்க மாட்டீர்கள்.

மீனலோசனி

அந்த மேடுதான் காரணத்தைச் சொல்கிறது. உங்கள் துருவங்கள் கலப்பெண் இணையாக இருக்கின்றன. துருவங்கள் எல்லாம் மெய்யெண்களாக இருந்து, அருகில் சுழியங்களும் இல்லாதபோதுதான் மதிப்பீடு உண்மையைவிடக் குறைவாக வரும் என்று நம்பலாம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் பிழை மிகச் சிறியது. இரண்டு சமமான துருவங்கள் இருந்தால் மதிப்பீடு ஏறக்குறைய 22 சதவீதம் குறைவாக வரும். உங்களுடையதைப் போல மேடு எழுந்தால் அதே கூட்டுத்தொகை மிகச் சிறியதாகி, வெட்டு அதிர்வெண் இருமடங்காகத் தெரியும். அங்கே இரண்டாம்படிக் கெழுவும் வேண்டும்; கோக்ரனும் கிரேபலும் 1973-இல் காட்டிய வழியில் ஒரு மின்தேக்கியைக் குறுக்குச் சுற்றாக்கி மற்றொன்றின் மின்தடையைக் கண்டு அதைப் பெறலாம்.

பழைய வால்வு

நான் சொன்னது சாதாரணப் பெருக்கிகளைப் பற்றி. பின்தொடர்வியை யார் இந்த முறையில் கணக்கிடச் சொன்னது?

குமிழ்விளக்கு

336 கிலோஹெர்ட்ஸ் எனக்கும் வந்துவிட்டது, மிக்க நன்றி. ஆனால் பிரெட்போர்டில் அளந்தால் 160 கிலோஹெர்ட்ஸில் பெருக்கம் நடு அதிர்வெண் மதிப்பின் 0.707 மடங்காகிவிடுகிறது. ஆசிலாஸ்கோப்பைக் கலெக்டரிலேயே வைத்தேன்.

மீனலோசனி

புரோபின் பொத்தான் X1-இல் இருக்கிறதா? இருந்தால் புரோபும் கேபிளும் கருவியின் உள்ளீடும் சேர்ந்து ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் ஆகும். ராடாருக்குச் சொன்ன 169 அதுதான். X10-க்கு மாற்றினால் சுமை 12 பிக்கோஃபாரட் அளவுக்கு இறங்கும். அது கூட்டும் நேர மாறிலி 56 நானோ வினாடி, மொத்தத்தில் வெட்டு அதிர்வெண் 300 கிலோஹெர்ட்ஸ். புரோபை மாற்றியவுடன் அளவீடு இரட்டிப்பானால், நீங்கள் அளந்துகொண்டிருந்தது பெருக்கியை மட்டும் அன்று என்பது உறுதியாகிவிடும்.

குமிழ்விளக்கு

X1-இல்தான் இருந்தது. X10-இல் 280 வருகிறது. அறிக்கையை எழுதப் போகிறேன், நன்றி.

ராடார்

300-க்கும் 280-க்கும் இடையிலான 20 எங்கே போனது?

மீனலோசனி

பேஸ் வரிசையும் கலெக்டர் வரிசையும் பிரெட்போர்டில் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று தெரிய வேண்டும். அவற்றுக்கிடையே ஒரு பிக்கோஃபாரடில் கால் பங்கு கூடினாலே 37 நானோ வினாடி ஏறிவிடும். 280-க்கு அதுவே போதும். ஆனால் அவருடைய BC547-இன் மின்தேக்கம் சரியாக 3 பிக்கோஃபாரட்தான் என்பதற்கும் சான்று இல்லை. குமிழ்விளக்கு, ஒரு புகைப்படம் இடுங்கள்.

தாமிரபரணி

அவர் அறிக்கை எழுதப் போய்விட்டார். என் இணைப்பு மின்தேக்கியைப் பற்றி இன்னொரு கேள்வி இருக்கிறது, தனி இழையில் கேட்கிறேன்.