‘வயிற்றுத்தசைப் பிளவு’ என்ற சொல்லை மாற்றலாமா?

மல்லாவியிலிருந்து, துண்டுப்பிரசுரம் எழுதுபவர்:
வணக்கம். டயஸ்டாசிஸ் ரெக்டை என்பதற்கு ‘வயிற்றுத்தசைப் பிளவு’ என்று எழுதியிருந்தேன். பிள்ளை பெற்று ஏழு மாதமான என் மச்சாள் அதை வாசித்துவிட்டு, வயிறு கிழிந்துவிட்டது என்று பயந்து பிள்ளையைத் தூக்கவே மறுக்கிறாள். நாரி நோவும் இருக்கிறது. வேறு சொல் தாருங்கள்.

கிளிநொச்சியிலிருந்து, இயன்மருத்துவர்:
தம்பி, அங்கே எதுவும் கிழிவதில்லை. தொப்புளின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைகளை இணைக்கிற நடுநார், வயிறு பெருத்தபோது இழுபட்டு மெலிந்து அகன்றிருக்கும். அதனால் ‘வயிற்றுத்தசை விலகல்’ என்பேன். விலகியது நெருங்கலாம் என்ற பொருளும் அதில் வருகிறது.

மச்சாளை முழங்கால் மடித்து மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைக் குறுக்கே வைத்துக்கொண்டு தலையை மட்டும் கொஞ்சம் தூக்கட்டும். இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் விலகல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விரலுக்கடியில் நார் விறைக்கிறதா, மெத்தென்றே கிடக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

முள்ளியவளையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘நடுவயிற்றுத் தளர்வு’ இன்னும் நல்லது. தளர்ந்ததால்தான் நாரி நோகிறது. எங்கள் ஆச்சிமார் சீலையால் இறுக்கிக் கட்டியே சரிப்படுத்தினார்கள்.

இயன்மருத்துவர்:
சேர், நார் தளர்வது உண்மைதான். ஆனால் நாரி நோவுக்கு விலகல்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று விரல் விலகியும் நோவில்லாதவர்களைப் பார்க்கிறேன். குனிந்து பால் கொடுப்பது, ஒரே இடுப்பில் பிள்ளையைச் சுமப்பது இவற்றையும் விசாரிக்க வேண்டும். சீலை கட்டினால் ஆறுதலாக இருக்கும், ஆனால் தசை வேலை செய்யப் பழகாது. மிக இறுக்கினால் அழுத்தம் கீழே கருப்பைப் பக்கம் தள்ளும்.

மச்சாளுக்கு இப்படித் தொடங்கலாம்: படுத்தபடி மூச்சை வெளியே விடும்போது அடிவயிற்றை மெதுவாக உள்ளே இழுத்து, ஐந்து வினாடி வைத்து விடட்டும். பத்துத் தடவை. அது சுலபமானதும், அதே இழுப்போடு ஒரு குதிக்காலை நிலத்தில் வழுக்கி நீட்டி மடக்கட்டும். வயிற்று நடு கூரை முகடுபோல மேலெழுந்தால் அந்தப் பயிற்சி இப்போதைக்குக் கடினம், முந்தியதற்குத் திரும்ப வேண்டும். மல்லாந்தபடி எழும்பி உட்காரும் பயிற்சி இப்போது வேண்டாம். படுக்கையிலிருந்து பக்கவாட்டில் உருண்டு எழட்டும். கிணற்று வாளியை இழுக்கும்போதும் பிள்ளையைத் தூக்கும்போதும் மூச்சை அடக்காமல் விட வேண்டும். பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம்.

புதுக்குடியிருப்பிலிருந்து, ஒரு தாய்:
அக்கா, எனக்குத் தொப்புளில் பாக்களவு கட்டி. இருமினால் வெளியே வரும், படுத்தால் போய்விடும். இதுவும் விலகல்தானே? இந்தப் பயிற்சியைச் செய்யவா?

இயன்மருத்துவர்:
இல்லைத் தங்கச்சி, அது குடலிறக்கமாக இருக்கலாம். பயிற்சிக்கு முன் டொக்டரிடம் காட்டுங்கள். உள்ளே போகாமல் இறுகி நொந்தால், அல்லது வாந்தி வந்தால், அன்றே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.

துண்டுப்பிரசுரம் எழுதுபவர்:
இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு பத்தி சேர்க்கிறேன். ‘விலகல்’ என்றே போடுகிறேன். ‘கோர்’ என்பதற்கு என்ன எழுதுவது? ‘நடுவுடல் தசைகள்’ சரியா?

தமிழாசிரியர்:
எனக்குத் ‘தளர்வு’தான் பிடித்திருக்கிறது. ‘நடுவுடல்’ என்றால் நெஞ்சும் சேருமே?