இரண்டு அச்சு சார்ட்டால் ஏமாந்த அனுபவம் உண்டா?

தரவுப்பிரியை: போன மாதக் கூட்டத்தில் ஒரு சார்ட் காட்டினார்கள். இடது அச்சில் விற்பனை, வலது அச்சில் விளம்பரச் செலவு. இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டே ஏறின. உடனே விளம்பரத்துக்குக் கூடுதல் பணம் ஒதுக்கிவிட்டார்கள். நான் வலது அச்சின் அளவை மட்டும் மாற்றிப் பார்த்தேன், கோடுகள் எங்கெங்கோ போய்விட்டன. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

கோடும்கட்டமும்: பயிற்சி வகுப்புகளில் நான் முதலில் எடுப்பது 2015 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை ஒன்றில் காட்டிய சார்ட். கருக்கலைப்பு உள்ளிட்ட மருத்துவச் சேவைகள் தரும் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்பைப் பற்றியது. 2006 முதல் 2013 வரை புற்றுநோய்ப் பரிசோதனை, தடுப்புச் சேவைகள் 20,07,371இலிருந்து 9,35,573 ஆகக் குறைந்தன. கருக்கலைப்பு 2,89,750இலிருந்து 3,27,000 ஆனது. படத்தில் ஒரு அம்பு கீழே இறங்க, மற்றது அதைக் குறுக்கே வெட்டி மேலே போகிறது. 3,27,000 எப்படி 9,35,573க்கு மேலே நிற்கும்? ஆளுக்கொரு அளவுகோல், அதுவும் அச்சே வரையாமல். ஒரே அச்சில் போட்டால் கோடுகள் வெட்டிக்கொள்ளவே செய்யாது. சரிவு உண்மைதான், ஆனால் ஒன்று மற்றதை முந்தியது என்பது பொய். வகுப்பில் எல்லோரும் அந்த வெட்டும் இடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

நெல்லைவாசி: இதற்கெல்லாம் ஒரே மருந்து, எந்த சார்ட்டானாலும் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும்.

கோடும்கட்டமும்: பார் சார்ட்டுக்கு அது சரி, அங்கே கண் நீளத்தைத்தான் அளக்கிறது. 90இல் தொடங்கினால் 92க்கும் 95க்கும் இடையே இரண்டரை மடங்கு வித்தியாசம் தெரியும். எக்செல் தானாகவே இதைச் செய்யும்: மிகச் சிறிய மதிப்பு பெரியதில் ஆறில் ஐந்து பங்கைத் தாண்டினால் அச்சு பூஜ்யத்தை விட்டுவிடும். அச்சு அமைப்பில் Minimum இடத்தில் 0 என்று நாமே போட வேண்டும். ஆனால் காய்ச்சல்காரரின் வெப்பநிலைக் கோட்டைப் பூஜ்யத்தில் தொடங்கினால் 98.6உம் 102உம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

காவிரிக்கரை: நான் மேட்டூர் நீர்மட்டத்தை அடியிலும் நீர்வரத்தைக் கன அடியிலும் ஒரே படத்தில் போடுகிறேன். அலகே வேறு, இரண்டு அச்சு இல்லாமல் எப்படி?

தரவுப்பிரியை: மேலும் கீழுமாக இரண்டு படம், தேதி அச்சு மட்டும் பொது. வெள்ளம் வந்த நாளும் மட்டம் ஏறிய நாளும் நேராகத் தெரியும், போலியாக எதுவும் வெட்டிக்கொள்ளாது.

நெல்லைவாசி: தொடக்க ஆண்டை 100 என்று வைத்து இரண்டையும் ஒரே அச்சில் போடலாமே?

கோடும்கட்டமும்: போடலாம். அந்த நாடாளுமன்ற சார்ட்டை அப்படி வைத்தால் 2013இல் கருக்கலைப்பு 113, பரிசோதனை, தடுப்புச் சேவைகள் 47 என்று வரும். ஆனால் அதிலும் இரண்டு கோடும் 100இலிருந்தே பிரிவதால், ஒன்று மற்றதைவிடப் பெரிய எண்ணிக்கை என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தொடக்க ஆண்டை மாற்றினால் படமும் மாறும். அந்த ஆண்டை யார், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதில் எங்கள் குழுவிலேயே ஒத்த கருத்து இல்லை.