நன்றிப் பக்கத்தை ரீலோடு செய்தால் purchase மறுபடி போகிறது: பிழையா, இல்லையா?

நெய்தல்நிலா:
எங்கள் புடவைக் கடைத் தளத்தில் பணம் கட்டி முடித்ததும் வரும் நன்றிப் பக்கத்திலிருந்து கூகுள் அனலிட்டிக்ஸுக்கு purchase நிகழ்வு போகிறது. அந்தப் பக்கத்தை ரீலோடு செய்தால் மறுபடியும் போகிறது. பிழை என்று பதிவு செய்தேன். "transaction_id இருக்கிறது, கூகுள் ஒன்றாகத்தான் எண்ணும்" என்று எழுதி மூடிவிட்டார்கள். மூடியது சரியா?

வலைப்பின்னல்:
மூடியது நான்தான், மூடியதும் சரிதான். கூகுள் அனலிட்டிக்ஸ் 4 ஒரே transaction_id உள்ள purchase நிகழ்வுகளைத் தானே கழித்துவிடும். அறிக்கையில் ஒன்றுதான் வரும். அறிக்கையில் ஒன்று வந்தால் வேலை முடிந்தது. இதற்கெல்லாம் பிழைச்சீட்டு எழுதினால் நாங்கள் எப்போது உருப்படியான வேலை செய்வது?

அளவைக்கோல்:
சரியில்லை. பிழைச்சீட்டைத் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள். அந்தக் கழித்தல் ஒரே பயனரிடமிருந்து வரும் நிகழ்வுகளுக்கு மட்டும்தான். வாடிக்கையாளர் மடிக்கணினியில் வாங்குகிறார். ஆர்டர் உறுதி மின்னஞ்சலில் நன்றிப் பக்கத்தின் இணைப்பு இருக்கிறது. மாலையில் அதைக் கைபேசியில் திறக்கிறார். அங்கே குக்கி வேறு, ஆகவே client_id வேறு. உள்நுழைந்தவர்களுக்கு user_id அனுப்பாத தளமாக இருந்தால், கூகுளின் கண்ணில் அவர் இன்னொரு ஆள். விற்பனை இரண்டாகிவிடும். வலைப்பின்னல் தன் உலாவியில் தானே ரீலோடு செய்து பார்த்துவிட்டு உலகம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுகிறார்.

வலைப்பின்னல்:
மின்னஞ்சல் இணைப்பைப் பற்றி யார் கேட்டார்கள்? கேள்வி ரீலோடு பற்றியது. ரீலோடு செய்தால் அறிக்கையில் ஒன்றுதான் வரும். மறுக்க முடியுமா?

கடைவீதி:
எனக்கும் இதே தொல்லை. "கூடையில் சேர்" பொத்தானை வாடிக்கையாளர்கள் இரண்டு தடவை அழுத்துகிறார்கள், add_to_cart இரண்டாக விழுகிறது. இதற்கும் transaction_id போடலாமா?

அளவைக்கோல்:
கடைவீதி, உங்களுடையது வேறு விஷயம். வாடிக்கையாளர் இரண்டு முறை அழுத்தி, கூடையில் இரண்டு புடவை சேர்ந்திருந்தால் இரண்டு நிகழ்வு போவதுதான் முறை. ஒரு முறை அழுத்தியதற்கு இரண்டு போகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படிப் போனால், பக்கத்தின் நிரலிலேயே gtag எழுதி வைத்துவிட்டு, டேக் மேனேஜரிலும் அதே கிளிக்குக்கு ஒரு டேக் வைத்திருப்பார்கள். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் தீர்ந்தது. கிளிக் நிகழ்வில் transaction_id-க்கு வேலை இல்லை.

வலைப்பின்னல், ரீலோடையே எடுத்துக்கொள்கிறேன். அந்த transaction_id எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? சேவையகத்தின் ஆர்டர் எண்ணா, உலாவியில் `Date.now()` போட்டு உருவாக்கியதா? இரண்டாவது வகையை நான் பல தளங்களில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ரீலோடுக்கும் புது எண் பிறக்கும். அதைக் கூகுள் எதை வைத்துக் கழிக்கும்?

வலைப்பின்னல்:
அப்படி எழுதுகிறவர் நிரலாளரே இல்லை. எங்கள் குழுவில் ஆர்டர் எண்தான். ஆகவே அறிக்கையில் ஒன்று.

அளவைக்கோல்:
ஆர்டர் எண் சில சமயம் வெறுமையாகவும் வரும். நன்றிப் பக்கம் திறந்து, ஆர்டர் விவரம் சேவையகத்திலிருந்து வந்து சேர்வதற்குள் டேக் ஓடிவிட்டால் `transaction_id: ""` என்று போகும். வெற்று எண்ணோடு வரும் எல்லா purchase நிகழ்வுகளையும் கூகுள் ஒரே பரிவர்த்தனையின் நகல்களாக எடுத்துக் கழித்துவிடும். அவர்களுடைய உதவிப் பக்கமே இதை எச்சரிக்கிறது. நீங்கள் காவலாக நம்புகிற அந்தக் கழித்தலே உண்மையான விற்பனையைத் தின்றுவிடும். அறிக்கையில் ஒன்று என்று மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள். அந்த ஒன்றுக்குள் எத்தனை ஆர்டர் புதைந்தது என்று அறிக்கை சொல்லாது.

நெய்தல்நிலா, அறிக்கையைப் பார்த்துச் சோதிக்காதீர்கள். அது நிரம்ப 24 முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் கழித்தலும் நடந்துவிடும். உலாவியை விட்டு வெளியே போவதை எண்ணுங்கள். உலாவியைத் தானாக ஓட்டும் பிளேரைட்டில் எழுதுவதாக இருந்தால்:

```js
let n = 0;
page.on('request', r => {
  if (!r.url().includes('/g/collect')) return;
  const all = r.url() + '\n' + (r.postData() || '');
  n += (all.match(/\ben=purchase\b/g) || []).length;
});
```

கோரிக்கைகளை எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். பல நிகழ்வுகளைக் கூகுள் ஒரே கோரிக்கையின் உடலில் வரிவரியாக அடுக்கி அனுப்புவதுண்டு. அதனால்தான் முகவரி, உடல் இரண்டையும் சேர்த்து en=purchase எத்தனை என்று எண்ணுகிறேன். உடனே எண்ணிவிடவும் கூடாது. அடுக்கி அனுப்புவதற்குச் சில விநாடிகள் பிடிக்கும், காத்திருங்கள். நன்றிப் பக்கம் வந்ததும் n ஒன்றாக இருக்க வேண்டும். ரீலோடு செய்யுங்கள், முந்தைய பக்கத்துக்குப் போய்த் திரும்புங்கள். ஒன்றாகவே நிற்க வேண்டும். கடைசியாகக் குக்கி இல்லாத புதிய உலாவிச் சூழலில் அதே முகவரியைத் திறங்கள். அங்கேயும் ஏறக் கூடாது. ஆனால் இந்த எண்ணி ஒரு page-ஐ மட்டும்தான் கவனிக்கும். புதிய சூழலின் page-க்கும் அதைத் தனியாகக் கட்ட மறந்தால் எப்போதும் பச்சை விளக்குதான் எரியும்.

வலைப்பின்னல்:
localStorage-இல் ஆர்டர் எண்ணைக் குறித்துவைத்தால் உங்கள் பாதிச் சோதனை தானே தேறிவிடும். இரண்டு வரி வேலை. அதற்கு இவ்வளவு பிரசங்கமா?

அளவைக்கோல்:
இரண்டு வரி வேலை என்றால் ஏன் செய்யாமல் சீட்டை மூடினீர்கள்? அதுவும் அந்த உலாவிக்கு மட்டும்தான் காவல். கைபேசியில் திறந்தால் localStorage காலியாகத்தான் இருக்கும். "இந்த ஆர்டருக்கு அனுப்பியாயிற்று" என்ற குறி சேவையகத்தில் ஆர்டரோடு இருக்க வேண்டும்.

மின்மினி:
இருவரும் தவறான இடத்தில் நின்று சண்டை போடுகிறீர்கள். நன்றிப் பக்கத்திலிருந்து அனுப்புவதே தவறு. வாடிக்கையாளர் யுபிஐ செயலிக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு அப்படியே கைபேசியை மூடிவிடுகிறார். நன்றிப் பக்கம் திறப்பதே இல்லை. அங்கே எண்ணிக்கை இரண்டும் இல்லை, பூஜ்யம். பணம் வந்ததும் கட்டண நுழைவாயில் நம் சேவையகத்துக்கு வெப்ஹூக் அனுப்புகிறது அல்லவா? அதைப் பெற்றதும் சேவையகத்திலிருந்தே கூகுளின் மெஷர்மென்ட் புரோட்டோகால் வழியாக அனுப்பினால் எல்லாம் தீர்ந்தது.

அளவைக்கோல்:
பூஜ்யம் பற்றிச் சொன்னது சரி. "எல்லாம் தீர்ந்தது" என்பதுதான் தவறு. உங்கள் சேவையகம் நேரத்துக்குள் 200 என்று பதில் சொல்லாவிட்டால் நுழைவாயில் அதே வெப்ஹூக்கை மறுபடி அனுப்பும். நீங்கள் முதல் தடவையே கூகுளுக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு பதில் சொல்லத் தாமதித்திருந்தால்? மறுபடி இரண்டு. ஒரே வெப்ஹூக்கை வேண்டுமென்றே இரண்டு முறை அனுப்பி, வெளியே ஒன்றுதான் போகிறதா என்று பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் புரோட்டோகாலின் `/mp/collect` முகவரி நீங்கள் எந்தக் குப்பையை அனுப்பினாலும் 204 என்றே பதில் தரும். புலத்தின் பெயர் தவறானாலும் 204தான். அதை "வெற்றி" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் குழுக்களை எனக்குத் தெரியும். முதலில் `/debug/mp/collect`-க்கு அனுப்பி அது திருப்பித் தரும் குறைகளைப் படியுங்கள். அங்கே அனுப்பியது அறிக்கையில் சேராது. வாடிக்கையாளரின் client_id-ஐப் பணம் கட்டப் போகும் முன்பே ஆர்டரோடு சேமித்து வைக்காவிட்டால், விற்பனை எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்பதும் அறுந்துபோகும்.

மின்மினி:
client_id சேமிக்கிறோம். வெப்ஹூக்கை இரண்டு முறை அனுப்பிப் பார்த்ததில்லை, ஆனால் எங்கள் நுழைவாயில் அப்படி அனுப்பியதாக எனக்குத் தெரியவில்லை.

அளவைக்கோல்:
தெரியவில்லை என்பது சோதனை முடிவு ஆகாது.

வலைப்பின்னல்:
குக்கி அனுமதி பற்றிய இழையிலும் இவர் இப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒன்று. நிலா கேட்டது ரீலோடு. ரீலோடு செய்தால் அறிக்கையில் ஒன்று. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

அளவைக்கோல்:
குக்கி இழையில் நீங்கள் கடைசி வரை பதில் சொல்லாத கேள்வி இன்னும் அங்கேயே இருக்கிறது. இங்கே ஒன்று கேட்கிறேன். அதே டேக் மேனேஜரில் மெட்டா பிக்சலும் இருக்கிறதா? அதே ரீலோடு அதையும் சுடும். அதற்கு உங்கள் transaction_id பற்றி எதுவும் தெரியாது. அங்கே eventID என்று தனியாகக் கொடுக்க வேண்டும். கூகுள் அறிக்கையில் ஒன்று என்பது பிக்சலுக்கு எப்படிப் பதிலாகும்?

நெய்தல்நிலா:
பிக்சலும் இருக்கிறது. eventID இல்லை. நீங்கள் சொன்னபடி ஒரு ஆர்டரை ஓட்டிப் பார்த்தேன். 1,450 ரூபாய்ப் புடவை இரண்டு, வரி 145, அனுப்பும் செலவு 80, மொத்தம் 3,125. ரீலோடுக்குப் பிறகு n இரண்டு, புதிய சூழலில் இன்னொன்று. இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. நெட்வொர்க் பட்டியலில் `epn.value` இல்லை, `ep.value=3%2C125.00` என்று இருக்கிறது.

அளவைக்கோல்:
பார்த்தீர்களா, எண்ணிக்கையோடு நிறுத்தாமல் புலத்தையும் படித்ததால்தான் இது கிடைத்தது. epn என்றால் எண், ep என்றால் எழுத்துச் சரம். நடுவில் இருக்கும் காற்புள்ளி அதை எண்ணாக எடுத்துக்கொள்ள விடவில்லை. திரையில் காட்டுவதற்காக வடிவமைத்த தொகையை அப்படியே எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். currency `INR` சரியாகப் போனாலும் வருவாய் சரியாக ஏறாது. தொகையே தவறு. value என்பது விலையை எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டியது, அதாவது 2900. வரியும் அனுப்பும் செலவும் tax, shipping என்ற தங்கள் புலங்களில் போக வேண்டும்.

கடைவீதி:
இது எனக்குப் பொறுக்கவில்லை. இப்படி ஒரு ஆர்டரில் என் கணக்கில் வருவது 3,125. அறிக்கையில் 2,900 என்றால் கணக்குப்பிள்ளைக்கு நான் என்ன சொல்வது? வங்கியில் வந்த தொகைதான் value.

அளவைக்கோல்:
கணக்குப்பிள்ளைக்கு வங்கி அறிக்கையைக் கொடுங்கள். கூகுளின் ஆவணம் வரியையும் அனுப்பும் செலவையும் value-இல் சேர்க்கக் கூடாது என்று சொல்கிறது.

கடைவீதி:
கூகுளா என் வாடகையைக் கட்டுகிறது? வங்கியில் வந்ததுதான் value.

வலைப்பின்னல்:
இதில் நான் கடைவீதி பக்கம். வணிகம் எந்தத் தொகையைக் கேட்கிறதோ அதை அனுப்புவதுதான் நிரலாளரின் வேலை. காற்புள்ளியை எடுத்துவிடுகிறேன், ஐந்து நிமிட வேலை. ரீலோடு சீட்டு மூடியே இருக்கட்டும்.

நெய்தல்நிலா:
அண்ணா, காற்புள்ளிக்குத் தனிச் சீட்டு எழுதிவிட்டேன். ரீலோடு சீட்டையும் n-இன் பதிவோடு திரும்பத் திறந்துவிட்டேன்.

வலைப்பின்னல்:
திறங்கள். நாளைக் காலைக் கூட்டத்தில் மறுபடி மூடுவேன். அறிக்கையில் ஒன்றுதான்.

அளவைக்கோல்:
மூடுவதற்கு முன் அந்த மின்னஞ்சல் இணைப்பை உங்கள் கைபேசியில் திறந்துவிட்டு மூடுங்கள்.