விலை இறங்கினா கம்பெனி காசு தந்திடுமாம்!

விலைவாசி வேலன் (நாகர்கோவில்): மொபைல் கடைக்காரங்க அழறது சும்மா நடிப்பு. விலை இறங்கினா விக்காத ஸ்டாக்குக்கு கம்பெனி காசு திருப்பித் தந்திடும். நஷ்டம்னு ஒண்ணு அவங்களுக்குக் கிடையவே கிடையாது.

களியக்காவிளை கடைக்காரன்: எடே வேலா, ஒனக்கு யாரு சொன்னது? எனக்க கதையைக் கேளு. 2025 ஓணத்துக்கு, ஆகஸ்ட் 14ல ஒரே மாடல் 20 பீஸ் எடுத்தேன். பில் விலை 17,700. செப்டம்பர் 2, உத்திராடத்துக்கு ரெண்டு நாள் இருக்கு, கம்பெனி பீஸுக்கு 1,500 இறக்கிட்டான். அன்னைக்கு கடையில 8 பெட்டி. எட்டுக்கும் கணக்கு எழுதிக் குடுத்தேன். தந்தது அஞ்சுக்கு. அதுவும் நவம்பர் மாசம்.

வேலன்: தந்தாங்கல்ல? அப்போ நான் சொன்னது சரி.

செங்கோட்டை செல்லையா: பதினோரு வருஷம் டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ்ல இந்தக் கணக்குதான் பார்த்தேன். வேலன் தம்பி, ‘விக்காத ஸ்டாக்’னு கடைக்காரன் சொல்றதும் கம்பெனி சொல்றதும் ஒண்ணு கிடையாது. விலை இறங்கின அன்னைக்குக் காலையில எங்க ஆளு கடைக்குப் போய் ஒவ்வொரு பெட்டி மேலயும் இருக்கற ஐஎம்இஐ நம்பரை ஸ்கேன் பண்ணுவான். அதை கம்பெனி தன் சர்வர்ல ஒத்துப் பார்க்கும். முதல் தடவையா ஸிம் போட்டு ஆன் பண்ணின தேதி அங்க விழுந்திருந்தா அது வித்த போன். பெட்டி உங்க அலமாரியில இருந்தாலும் சரி, மேஜையில இருந்தாலும் சரி. அண்ணாச்சி, மூணு பீஸை ஏன் தள்ளினாங்கன்னு மட்டும் சொல்லலையே?

களியக்காவிளை கடைக்காரன்: சொல்ல என்ன பயம்? ரெண்டு பீஸ் பாறசாலையில எனக்க மச்சான் கடையில இருந்து வாங்கினது. கலர் தீர்ந்துபோச்சு, கேட்டு வாங்கினேன். அது கேரளா டிஸ்ட்ரிபியூட்டர் பில். ‘ஒங்க பேருக்கு நாங்க பில் போடல’ன்னு தள்ளிட்டான். நடந்து போற தூரத்துல இருக்க கடை! மூணாவது, டிஸ்ப்ளேக்கு வெச்ச பீஸ். ஆன் பண்ணாம டிஸ்ப்ளே எப்பிடி வைக்க? கல்லையா வைக்க?

செல்லையா: அந்த ரெண்டுக்கு மச்சான் தன் டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட கேட்டிருக்கணும். அவர் கேட்டிருக்க மாட்டார். ஏன்னா எல்லை தாண்டி சரக்கு போனது தெரிஞ்சா அவருக்கு ஸ்கீம் காசு வெட்டு. சரி அதை விடுங்க. டிஸ்ப்ளே பீஸ் எந்தத் தேதியில ஆன் ஆச்சு?

களியக்காவிளை கடைக்காரன்: மாசக் கடைசியில.

செல்லையா: ஓஹோ! சரக்கு வந்தது 14. டிஸ்ப்ளே வெச்சது மாசக் கடைசியில. ஓணத்துக்குக் கூட்டம் வர்ற ரெண்டு வாரமும் அந்த மாடலை ஜனங்க பெட்டி மேல ஒட்டியிருக்க படத்துல பார்த்தாங்களாக்கும். அண்ணாச்சி, டார்கெட்டுக்கு எத்தனை குறைஞ்சது? ஒண்ணுதானா?

களியக்காவிளை கடைக்காரன்: ஓய், வாயை அளந்து பேசும். அது டிஸ்ப்ளே பீஸ். டார்கெட்டுக்கு ஸிம் போடுற பொழப்பு எனக்க கடையில கெடையாது.

வேலன்: டார்கெட்டுக்கு ஸிம் போடறதுன்னா?

செல்லையா: மாசத்துக்கு இத்தனை போன் ஆக்டிவேட் ஆனா பீஸுக்கு இவ்வளவு கூடுதல்னு ஸ்லாப் இருக்கும். 30, 31 தேதியில ஒண்ணு ரெண்டு குறைஞ்சா கடைக்காரனே ஒரு பழைய ஸிம்மைப் போட்டு ஆன் பண்ணி, அணைச்சு, பெட்டியில வெச்சிடுவான். ஸ்லாப் காசு வந்திடும். ரெண்டு நாள்ல விலை இறங்கினா அந்தப் பெட்டிக்குக் காசு வராது. சில கம்பெனியில வாங்கறவருக்கு வாரண்டியும் அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிருக்கும். இது யாரைப் பத்தியும் இல்லை, பொதுவா சொல்லுதேன்.

களியக்காவிளை கடைக்காரன்: பொதுவா சொல்லுதாராம். அது டிஸ்ப்ளே பீஸ். இன்னொண்ணு கேளுங்க. அஞ்சு பீஸுக்கு 7,500 வரணும். கம்பெனி அனுப்பின கிரெடிட் நோட்டுல 6,356தான். 1,144 ரூபாயை அமுக்கிட்டான்.

கொழிஞ்சாம்பாறை கவிதா: அமுக்கலைங்க. நான் கடைக் கணக்குதான் எழுதறேன். உங்க 1,500ல 18 பர்சன்ட் ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கு. டேக்ஸ் இல்லாத நோட்டு தந்திருக்காங்க, அதனால பீஸுக்கு 1,271. வாங்கும்போது கட்டின டேக்ஸை இன்புட்னு கழிச்சிருப்பீங்க, அதை நீங்க திருப்ப வேண்டாம். புது விலைக்கு விக்கும்போது நீங்க கட்டற டேக்ஸ் பீஸுக்கு 229 குறையும், அங்க சரியாயிடும். டேக்ஸோட 1,500க்கு நோட்டு வந்திருந்தா அந்த 229 இன்புட்டை நீங்க திருப்பியிருக்கணும். ரெண்டு வழியிலயும் கையில நிக்கறது 1,271தான். டேக்ஸ் இல்லாத நோட்டுக்கு இன்புட்டைத் திருப்பிட்டா மட்டும்தான் நஷ்டம். உங்க ஆடிட்டர் என்ன பண்ணினார்னு பாருங்க.

களியக்காவிளை கடைக்காரன்: ஆடிட்டரைக் கேட்டுச் சொல்லுதேன். ஆனா அது டிஸ்ப்ளே பீஸ்தான்.

குமுளி ஜோசப்: எனக்கும் இதே பிரச்சனை. செப்டம்பர் 4, உத்திராடத்தன்னைக்கு 43 இஞ்ச் டிவி வாங்கினேன். 22ஆம் தேதி ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிடுச்சு. வித்தியாசத்தை யார்கிட்ட கேட்கணும்? கம்பெனியா, கடையா?

கவிதா: யார்கிட்டயும் கேட்க முடியாதுங்க. வாங்கின அன்னைக்கு என்ன ரேட்டோ அதுதான். இங்க பேசறது கடையில விக்காம இருக்கற சரக்கைப் பத்தி.

களியக்காவிளை கடைக்காரன்: 3ஆம் தேதி ராத்திரியே டிவில சொன்னான், 22ல இருந்து குறையும்னு. மறுநாள் போய் டிவி வாங்கியிருக்காரு. நல்லா இருக்கு!

ஜோசப்: வீட்டுல டிவி ரிப்பேர், அப்புறம் எங்க நியூஸ் பார்க்கறது? ஓணத்துக்குப் பிள்ளைங்க வந்தாங்க. சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்லை.

வேலன்: மொத்தத்துல அஞ்சு பீஸுக்குக் காசு வந்தது, டேக்ஸும் சரியாப்போச்சு. அழுகை எதுக்குன்னு இன்னும் புரியல.

களியக்காவிளை கடைக்காரன்: செப்டம்பர் 2க்கு முன்ன நான் 14 பீஸ் வித்தேன். அதுல ஒம்பது ஆன்லைன் விலையைப் பார்த்து வித்தது. அவன் பேங்க் கார்டுக்கு 1,000 தள்ளுபடின்னு போட்டுட்டான். பையன் போனை நீட்டி, ‘இந்த விலைக்குத் தருவீங்களா’ன்னு கேக்கான். பீஸுக்கு எனக்கு நிக்கறதே 600. 400 கைநஷ்டத்துல குடுத்தேன். அதுக்கு ஒரு பைசா வரல.

செல்லையா: இது மட்டும் அண்ணாச்சி சொல்றது நியாயம். டீலர் விலையைக் குறைச்சு கம்பெனி கடிதம் போட்டாத்தான் காசு. ஆன்லைன்காரன் கார்டு தள்ளுபடி போட்டா டீலர் விலை அப்படியேதான் நிக்கும், அப்போ திருப்பித் தர ஒண்ணுமில்லை. அடுத்த மாடல் வரும்போதும் இதே கதை. பழசுக்குக் கடிதம் வராது. விக்கற பீஸுக்கு 300, 500னு ஒரு ஸ்கீம் வரும். விக்காம நின்னா அதுவும் கிடையாது. அதனால ஸ்டாக்கை வாரக்கணக்குல வாங்குங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ஒரே பில்லுல 20 எடுக்கச் சொன்னது யாரு? அதுவும் ஸ்லாப்புக்குத்தானே?

களியக்காவிளை கடைக்காரன்: ஓணத்துக்கு! பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆளெல்லாம் இங்கதான் வாங்க வருவான். ஒங்க செங்கோட்டையில ஓணத்துக்கு என்ன விக்கும்?

செல்லையா: புனலூர்ல இருந்து எங்களுக்கும் ஆள் வரும் ஓய். நாங்களும் எல்லைதான். எங்க கடைக்காரங்க 14ஆம் தேதி சரக்கு வந்தா 14ஆம் தேதியே டிஸ்ப்ளே வைப்பாங்க.

களியக்காவிளை கடைக்காரன்: பழைய டிஸ்ப்ளே பீஸ் மாசக் கடைசியில கீழ விழுந்து உடைஞ்சது. அதுக்குப் பதிலா வெச்சது இது. போதுமா?

செல்லையா: இப்போதான் உடையுது. காலையில உடையலையே. அப்போ 14 வித்தாச்சு, 5 மிச்சம், டிஸ்ப்ளே 1, மொத்தம் 20 ஆச்சு. உடைஞ்சது எந்த 20ல சேர்த்தி?

களியக்காவிளை கடைக்காரன்: உடைஞ்சது பழைய மாடல்.

கவிதா: ஆடிட்டரைக் கேட்டாச்சுங்களா?

களியக்காவிளை கடைக்காரன்: கடையில ஆள் நிக்குது, அப்புறம் வாறேன். அது டிஸ்ப்ளே பீஸ்.

ஜோசப்: அப்போ டிவிக்கு ஒண்ணும் பண்ண முடியாதா?