ஹர்டில் டெக்னாலஜி: தடையா, படலா, அரணா?

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். உணவுப் பதப்படுத்தல் தாளுக்கு மாதிரி விடைகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும். கேள்வி இது: "pH, நீர்ச் செயல்பாடு, வெப்பநிலை மூன்றையும் இணைத்து உணவைக் காக்கும் ஹர்டில் டெக்னாலஜியை விளக்குக." 15 மதிப்பெண். பழைய குறிப்பில் 'தடைத் தொழில்நுட்பம்' என்றிருக்கிறது. போன முறை ஒரு மாணவர் அதைத் தடை செய்யப்பட்ட தொழில்நுட்பம் என்று எடுத்துக்கொண்டு, ஏன் தடை செய்தார்கள் என்று அரைப் பக்கம் எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. வேறு சொல் தாருங்கள்.

பிரபு:
தடை தாண்டும் ஓட்டம் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்ததுதானே? 'தடைதாண்டல் முறை' என்று போடுங்கள். விடையும் எளிது: pH 4.6-க்குக் கீழே, நீர்ச் செயல்பாடு என்ற aw 0.85-க்குக் கீழே, வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே. மூன்றும் இருந்தால் நஞ்சாக்கும் கிருமி எதுவும் வளராது. 'நீர்ச் செயல்பாடு' எதற்கு? ஈரப்பதம் என்றே சொல்லலாமே.

அரங்கன்:
தாண்டுவது யார்? கிருமி. தாண்டக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை பாடு. தோற்க வேண்டியவனின் செயலை முறைக்குப் பெயராக வைக்கலாமா?

வேரைப் பாருங்கள். ஹர்டில் என்பதும் ஜெர்மன் ஹியூர்டே என்பதும் ஓட்டப்பந்தயத்தில் பிறந்தவை அல்ல. மிலாறுகளைப் பின்னிச் செய்த தட்டி அது. ஆடு அடைக்கும் பட்டிக்கு நிறுத்துவது. அதற்கு நம்மிடம் 'படல்' என்ற சொல் அப்படியே இருக்கிறது. தூக்கி வைக்கலாம், எடுக்கலாம், வேண்டிய இடத்தில் கூட்டலாம். 'படல்முறை'. இரண்டே அசை போல ஒலிக்கும், புணர்ச்சித் தொல்லையும் இல்லை.

கயல்விழி:
ஐயா, படலைப் பார்த்த மாணவர் என் வகுப்பில் ஒருவரும் இல்லை. விடைத்தாளில் அதைப் 'பாடல்முறை' என்று எழுதிவைப்பார்கள்.

நசீர்:
சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம். பிரபு தந்த எண்கள் சரி, ஆனால் அவை ஒற்றைத் தடைக்கான எண்கள். pH 4.6-க்குக் கீழே பாட்டுலினம் என்ற நஞ்சாக்கும் கிருமி வளராது. அதற்கு இன்னொரு தடை தேவையில்லை. மூன்றையும் அந்த அளவுக்குத் தள்ளினால் கிடைப்பது புளித்து, காய்ந்து, குளிர்ந்து கிடக்கும் பண்டம். அதை யார் சாப்பிடுவது? ஒவ்வொன்றையும் பாதி வழியில் நிறுத்தினாலும் பாதுகாப்பு கிடைக்க வேண்டும் என்பதுதான் லோதர் லெய்ஸ்ட்னர் ஜெர்மனியின் குல்ம்பாக்கில் இறைச்சியை வைத்துக் காட்டியது.

விடையில் ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள். சமைத்து, காற்றுப் புகாமல் மூடிய இறைச்சிப் பொட்டலம், pH 5.1, aw 0.94. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் போதாது. அறை வெப்பநிலையில் வைக்க pH மட்டும் என்றால் 5.0-க்குக் கீழே வேண்டும், aw மட்டும் என்றால் 0.91-க்குக் கீழே. ஆனால் லெய்ஸ்ட்னரும் ரோடெலும் வகுத்த வரம்பில் pH 5.2-ம் aw 0.95-ம் ஒருசேர எட்டினாலே போதும். ஆகவே இந்தப் பொட்டலம் குளிர்பெட்டி இல்லாமல் நிற்கும். இப்போது அமிலம் குறைவாகச் சேர்ந்து pH 5.4 ஆகிவிட்டது என்று வையுங்கள். aw அதே 0.94. உடனே அது 10 டிகிரிக்கு மேல் போகக்கூடாத வகைக்கு இறங்கிவிடும். aw-வும் 0.96 ஆனால் 5 டிகிரி. ஒரு தடை தாழ்ந்தால் வெப்பநிலை அந்த இடத்தை நிரப்ப வேண்டும். 15 மதிப்பெண்ணில் பாதி இங்கேதான் இருக்கிறது.

ஈரப்பதம் வேண்டாம். அது எவ்வளவு நீர் என்று சொல்லும். aw, அந்த நீர் எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்று சொல்லும். பண்டத்தின் மேலுள்ள நீராவி அழுத்தத்தைத் தூய நீருடையதோடு வகுத்துப் பெறுவது. ஈரப்பதம் ஒன்றாக இருந்தும், உப்போ சர்க்கரையோ சேர்ந்த பண்டத்தில் aw தாழ்ந்திருக்கும்.

மேரி:
நான் சொல் தேட வரவில்லை, மன்னிக்கவும். குளிர்பெட்டி தேவையில்லை என்று அட்டையில் போட்ட பொட்டலங்களையும் நான் உள்ளே வைத்துவிடுவேன். கூடுதல் தடை, கூடுதல் பாதுகாப்பு. சரிதானே?

நசீர்:
அம்மா, பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற பலனும் இல்லை. அமிலத்தில் கிடக்கும் கிருமி உள்ளே வரும் புரோட்டானை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். aw தாழ்ந்தால், நீர் வெளியேறாமல் இருக்கக் கரைபொருட்களை உள்ளே சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஆற்றல் செலவு. வளர முடியாது, செலவை நிறுத்தவும் முடியாது. கையிருப்பு தீர்ந்து சாகும். அறை வெப்பநிலையில் இந்தச் செலவு வேகமாக நடக்கும். குளிரில் எல்லாம் மெதுவாகிவிடுவதால் மிஞ்சிய கிருமி அதிக நாள் உயிரோடு இருக்கும். கிருமியின் வித்துகளுக்கு இந்தக் கதை அப்படியே பொருந்தாது. அவை முளைத்தால்தான் செலவு தொடங்கும். பொட்டலத்தைப் பிரித்த பிறகு மட்டும் அட்டையில் சொன்னபடி குளிரில் வையுங்கள்.

அரங்கன்:
அப்படியென்றால் அது தடையே அல்ல, முற்றுகை! உள்ளே இருப்பவனைப் பட்டினி போட்டுக் கொல்வது. குறளில் அரண் அதிகாரம் நீர், மண், மலை, காடு நான்கையும் சேர்த்தே அரண் என்கிறது. ஒன்று போதாது, கூட்டு வேண்டும். படல் வேண்டாம் என்றால் 'கூட்டரண்' என்று வையுங்கள்.

நசீர்:
அழகான சொல், ஐயா. ஆனால் அரண் என்றால் நின்று தடுப்பது என்றுதான் மனதில் வரும். இங்கே கிருமி உள்ளேயே இருக்கிறது, களைத்து விழுகிறது. நான் 'தாண்டுதடை' என்பேன். ஊறுகாய் போல வினைத்தொகை; உணவுத் தாளுக்குப் பொருத்தமும்கூட.

பிரபு:
என் சொல்லைத் திருப்பிப் போட்டு உங்கள் சொல்லாக்கிவிட்டீர்கள்!

அரங்கன்:
ஊறுகாய் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். மூன்று காலமும் கரந்திருக்கிறது. தாண்டுதடையை விரித்துப் பாருங்கள்: கிருமி தாண்டிய தடை. அப்புறம் உணவு என்ன ஆகும்?

கயல்விழி:
'தடைத்தொடர்' என்றால்?

நசீர்:
தொடர் என்றால் ஒன்றன் பின் ஒன்று. ஓட்டப்பந்தயப் படத்தின் குறையே அதுதான். pH-ம் aw-வும் ஒரே நேரத்தில் அழுத்துகின்றன, வரிசை கிடையாது. லெய்ஸ்ட்னர் வரைந்த படத்திலும் கிருமி வரிசையாகத்தான் தாண்டுகிறது, அது வேறு. 'கூட்டுத்தடை' என்றால் ஏற்றுக்கொள்வேன், மனமில்லாமல்.

இன்னொன்று, தோல்வி எப்படித் தெரியும் என்று இரண்டு வரி சேருங்கள். சூட்டோடு மூடிய பொட்டலத்தின் உள்பக்கம் நீர்த்துளி நின்றால் அந்த இடத்தில் aw ஏறிவிட்டது என்று பொருள். காற்றும் இருந்தால் முதலில் பூஞ்சணம் அங்கே பிடிக்கும். அது அமிலத்தைத் தின்றால் pH-ம் ஏறும். ஒரு துளியில் இரண்டு தடைகள் சரிகின்றன. நடுவிலிருந்து எடுத்த மாதிரியில் aw 0.94 என்றே காட்டும். மாணவர்கள் அதை நம்பி ஏமாறுவார்கள்.

மேரி:
துளியை நானும் பார்த்திருக்கிறேன். துடைத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். இனி மாட்டேன்.

கயல்விழி:
நன்றி. 'கூட்டுத்தடை முறை' என்று போட்டு அனுப்பிவிட்டேன். பக்கத்தில் 'ஹர்டில்' என்பதையும் தமிழ் எழுத்தில் சேர்த்திருக்கிறேன். பொட்டலக் கணக்கும் நீர்த்துளியும் உள்ளே இருக்கின்றன. முற்றுகை இடம் போதாமல் விடுபட்டது.

அரங்கன்:
'கூட்டுத்தடை' என்றால் கூட்டுவதற்குத் தடை என்றும் பொருள் வரும். படல் என்றால் அந்த மயக்கம் இல்லை. பதிவுக்காகச் சொல்கிறேன்.