பீக்கன் அணைந்தால் போதுமா?

நிலாவெளித் தம்பி:
வளைகுடாவில் விமான நிலைய ரேம்பில், விமானம் வந்து நிற்கிற தரையில், வேலை கிடைத்திருக்கிறது. ஊரில் முன்பு அந்த வேலை செய்த ஒருவர், "விமானம் வந்து நின்று சத்தம் அடங்கினால் சரி, ஓடிப்போய்ச் சுற்றிவர எச்சரிக்கைக் கோனை வை, எஞ்சினுக்கு ரொம்பப் பயப்படாதே" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

உப்புவெளிப் பழையவன்:
தம்பி, அதைச் சொன்னவரிடம் இனி ஒரு புத்தியும் கேட்காதே. சத்தத்தை வைத்து எஞ்சினைக் கணக்குப் பார்க்கிறவன் ரேம்பில் நிற்கவே கூடாது. காதில் மஃப் போட்டிருப்பாய், பக்கத்து நிறுத்துமிடத்தில் இன்னொரு விமானம் இரைந்துகொண்டிருக்கும், வாலில் கரண்ட் கொடுக்கிற ஏபியூ என்ற சின்ன எஞ்சின் ஓடும். இதற்குள் எந்த எஞ்சின் நின்றது, எது ஓடுகிறது என்று காது சொல்லாது. பார்க்க வேண்டியது விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் மின்னுகிற சிவப்பு விளக்கு, பீக்கன். அது மின்னிக்கொண்டிருக்கும்வரை ஒருவரும் கிட்டப் போகக் கூடாது.

737 மாதிரி விமானத்தில் எஞ்சின் சும்மா ஐடிலில் ஓடினாலே முன்பக்கம் சுமார் 3 மீட்டர் வட்டம் ஆபத்து, ஆளை உள்ளே இழுத்துவிடும். பின்னால் 30 மீட்டர் அளவுக்கு. பின்னால் நிற்கிறவனைக் காற்று தள்ளும், அவனுக்கு உடனே உறைக்கும். முன்னால் போகிறவனுக்குக் கடைசி ஓரிரண்டு எட்டு வரைக்கும் ஒன்றும் தெரியாது, அதற்குப் பிறகு தெரிந்து பிரயோசனமில்லை.

கிண்ணியா நசீர்:
பழையவன் அண்ணன் பீக்கன் பீக்கன் என்கிறார். பீக்கன் ஒரு சுவிட்ச். விமானி மறந்து அணைத்தால்? பல்பு போனால்? மின்விசிறி மாதிரி இருக்கிற ஃபேன் நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போ தம்பி. நான் அப்படித்தான் செய்தேன், ஒரு கீறல் இல்லாமல் ஊருக்கு வந்தேன்.

உப்புவெளிப் பழையவன்:
நசீர், ஃபேன் நிற்கிறதா என்று பார்க்க எங்கே போய் நிற்பீர்கள்? எஞ்சினுக்கு நேர் முன்னால்தானே? அந்த இடத்துக்குத்தான் போக வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. நல்ல காற்றடித்தால் நிறுத்திய எஞ்சினின் ஃபேன் மணிக்கணக்கில் சும்மா சுற்றும். பின்னாலிருந்து காற்று வந்தால் எதிர்ப்பக்கமாகவும் சுற்றும். கச்சான் காற்று வீசுகிற நாளில் சீனன்குடாவில் ஒரு விமானத்தை நிறுத்திவைத்துவிட்டு ஃபேன் நிற்கட்டும் என்று காத்திருந்தால், பெட்டி இறக்க இருட்டிவிடும்.

மூதூர் வாசுகி:
எல்லோரும் எஞ்சினையே பேசுகிறீர்கள். என் தம்பிக்குக் கை போகப் பார்த்தது பெட்டி ஏற்றி இறக்குகிற பெல்ட் லோடரில். பெல்ட் முடிகிற இடத்தில் உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பெட்டியின் வார் சிக்கியது. பெல்ட்டை நிறுத்தாமல் இழுத்தான். வாரோடு கையுறையையும் உள்ளே இழுத்தது, கையுறை லூசாக இருந்ததால் கை கழன்று வந்தது. இரண்டு விரலில் நகம் இல்லை. கம்பனி அவன் மேலேயே பழியைப் போட்டது. தம்பி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொள், நாடாவும் இழுத்தால் அறுகிற மாதிரி இருக்க வேண்டும்.

கிண்ணியா நசீர்:
வாசுகி அக்கா, அது வேறு கதை. பையன் கேட்டது கோன் வைப்பது பற்றி.

மூதூர் வாசுகி:
வேறு கதை இல்லை. பெல்ட்டை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அழுத்தாமல் கை வைத்தான், அவ்வளவுதான். உங்களுக்கு விரல் சின்ன விஷயம் போல.

உப்புவெளிப் பழையவன்:
அக்கா சொல்வது சரிதான், ஆனால் பீக்கனை முடித்துவிட்டு வருகிறேன்.

2022 டிசம்பர் 31, அமெரிக்காவில் அலபாமா மாநிலம் மொண்ட்கோமரி விமான நிலையம். எம்ப்ரேயர் 175 வந்து நின்றது. அதில் ஏபியூ வேலை செய்யவில்லை. வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கும் வரைக்கும் எஞ்சின் ஓடும் என்று விமானம் வருமுன்னே தரையில் நின்றவர்களுக்கு ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கூடிச் சொல்லியிருந்தார்கள். நின்றதும் வலது எஞ்சினை விமானி நிறுத்தினார். அந்த நேரத்தில் முன் சரக்குக் கதவு திறந்துவிட்டதாகக் காக்பிட்டில் செய்தி வந்தது. அதாவது ஒருவர் ஏற்கனவே விமானத்தைத் தொட்டுவிட்டார். துணை விமானி ஜன்னலைத் திறந்து எஞ்சின் ஓடுகிறது என்று சொன்னார்.

வால் பக்கம் ஒரு பெண் கோனோடு போனார். எஞ்சினின் பின்காற்று அவரைத் தள்ளி விழுத்தப் பார்த்தது. கூட வேலை செய்தவர் கத்தினார், கையசைத்து விலகச் சொன்னார். விலகினார். பிறகு இடது இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி நடந்து, ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினுக்கு நேர் முன்னால் வந்தார். அவ்வளவுதான், முடிந்தது. விமானத்தில் பீக்கன் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

இதைப் படித்தபிறகும் சத்தம் அடங்கியது, ஃபேன் நின்றது என்று பேசினால் எனக்குக் கோபம் வரும்.

கிண்ணியா நசீர்:
நீங்களே சொல்கிறீர்கள், பீக்கன் மின்னியும் அந்தப் பெண் போனார். அப்போ பீக்கன் என்ன காப்பாற்றியது? ஃபேனைப் பார்த்திருந்தால் போயிருப்பாரா?

உப்புவெளிப் பழையவன்:
பார்க்காதவருக்கு எதுவும் காப்பாற்றாது. மின்னுவது ஓடுகிறது என்பதற்கு அடையாளம். அதைப் பார்த்தபின் இறக்கைக்கு அப்பால் விலகி நின்று, தரைக் குழுவை நடத்துகிற லீட் கையைத் தூக்கும்வரை காத்திருப்பதுதான் வேலை. பீக்கன் அணைந்த உடனே ஓடு என்று நான் எங்கே சொன்னேன்? அணைந்தபின், சுற்று இறங்கியபின், லீட் பார்த்துச் சொன்னபின். மூன்றும் சேர வேண்டும். லீட் இருப்பதே ஒருவர் முழு விமானத்தையும் பார்க்கட்டும் என்றுதான்.

கிண்ணியா நசீர்:
முதல் பதிவில் லீட் இல்லை. பீக்கன் மட்டும்தான் இருந்தது. மேலே போய் வாசித்துப் பாருங்கள்.

சாம்பல்தீவு குமார்:
எங்கள் சீனன்குடாவுக்கு வருகிற செஸ்னா காரவனை ஏன் ஒருவரும் பேசவில்லை? புரொப்பெல்லர் சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது, ஒரு மங்கலான வட்டம்தான். அதில் ஃபேன் பார்க்கிற கதையெல்லாம் சரிவராது. நிறுத்திவைத்தபிறகும் காற்றுக்குச் சுற்றும் என்றுதான் வார் போட்டுக் கட்டிவைக்கிறார்கள்.

உப்புவெளிப் பழையவன்:
குமார் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். காற்றுக்குச் சுற்றுகிறதும் எஞ்சின் சுற்றுகிறதும் தூரத்திலிருந்து ஒன்று மாதிரித்தான் தெரியும்.

கிண்ணியா நசீர்:
குமார் உங்களுக்காக எழுதவில்லை. எல்லாப் பதிவையும் உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். போன வருடம் கிரேன் விஷயத்திலும் இப்படித்தான் செய்தீர்கள், துறைமுகத்தில் வேலை செய்தவர்களை வாயைத் திறக்கவே விடவில்லை.

உப்புவெளிப் பழையவன்:
கிரேனை எதற்கு இழுக்கிறீர்கள்? அதிலும் நான் சொன்னதுதான் சரி. தம்பி, இதைக் கேள். எஞ்சின் ஓடும்போது கோன், சக்கரக் கட்டை, கரண்ட் வயர் எதற்காகவும் நீயாக ஒரு அடி எடுத்து வைக்காதே. கரண்ட் வண்டியை மாட்டுவதற்கு மட்டும் ஒருவரை எந்தப் பக்கமாக, எந்த வழியாக அனுப்புவது என்று அந்தந்த விமானத்துக்கு எழுதிவைத்திருப்பார்கள். அது பயிற்சி முடித்தவரின் வேலை, உன் வேலை இல்லை. விமானம் தாமதம் என்று யார் கத்தினாலும் நில். பின்காற்று உன்னைத் தள்ளினால் ஒரு எஞ்சின் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். வந்த வழியே திரும்பி இறக்கை நுனிக்கு வெளியால் போ, இறக்கையை ஒட்டி முன்னால் வராதே.

நிலாவெளித் தம்பி:
நன்றி அண்ணா. பீக்கன் பல்பு போயிருந்தால் என்ன செய்வது என்று நசீர் நானா கேட்டதற்குப் பதில் வரவில்லையே?

கிண்ணியா நசீர்:
வராது தம்பி. இரண்டு தடவை கேட்டாயிற்று.

உப்புவெளிப் பழையவன்:
ஒரு தடவைதான் கேட்டீர்கள், எண்ணிப் பாருங்கள். பல்பு போனால் ஹெட்செட்டில் விமானியிடம் கேட்கிறது லீடின் வேலை. பதில் வரும்வரை எல்லா எஞ்சினும் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்.

மூதூர் வாசுகி:
பெல்ட் லோடரில் அந்தச் சிவப்புப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கும் என்று பையனுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

கிண்ணியா நசீர்:
முதல் பதிவில் லீட் இல்லை அண்ணன். நான் விடமாட்டேன்.